ஜெயிப்பது நிஜம்தான், காசு யாருடையது?

"அண்ணே, அந்த கேசினோ ஸ்ட்ரீமர் வீடியோ எல்லாம் ஃபேக்தானே?" என்று தெரிந்த பையன் ஒருவன் கேட்டான். அப்படித்தான் என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் அது பாதி பதில்தான். 'எல்லாம் ஃபேக்' என்று நினைப்பவன், என்றாவது ஒருநாள் ஃபேக் இல்லாத ஒன்றைப் பார்த்தால் நம்பிவிடுவான். லைவில் காட்டப்படும் பல ஜெயிப்புகள் நிஜமாகவே நடப்பவை. கிராஃபிக்ஸ் இல்லை, எடிட்டிங் இல்லை, அந்த எண்கள் அந்தத் திரையில் வந்தவைதான். அப்படி இருந்தும் அவை பார்ப்பவரை ஏமாற்றுகின்றன. எப்படி என்பதைத்தான் இந்தப் பதிவில் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் திரையில் என்ன தெரிகிறது என்று பார்ப்போம். கேட்ஸ் ஆஃப் ஒலிம்பஸ் என்று ஒரு ஸ்லாட் விளையாட்டு உண்டு. பிராக்மேட்டிக் பிளே நிறுவனம் செய்தது. இந்த வகை ஸ்ட்ரீம்களில் அடிக்கடி தென்படும். ஆறு வரிசையில் ரத்தினக் கற்கள் விழும். வலப்பக்கம் தாடி வைத்த ஜீயஸ் நின்றுகொண்டு, மின்னல் அடித்தாற்போல் '×10', '×100' என்று பெருக்கல் உருண்டைகளை வீசுவார். கீழே ஓரத்தில் பேலன்ஸ், பக்கத்தில் ஒரு சுற்றுக்கான பந்தயத் தொகை. மூலையில் ஸ்ட்ரீமரின் முகம், மறுபக்கம் ஓடிக்கொண்டே இருக்கும் சாட், எங்காவது ஓர் இடத்தில் அவருடைய ரெஃபரல் கோடு.

பந்தயம் 100 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். போனஸ் சுற்று தானாக வரும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லையென்றால், அதைக் காசு கொடுத்து வாங்கவும் முடியும். இந்த விளையாட்டில் அதன் விலை பந்தயத்தைப்போல் நூறு மடங்கு, அதாவது 10,000 டாலர். ஸ்ட்ரீமர் ஒரு தட்டு தட்டி வாங்குகிறார். 15 இலவசச் சுற்றுகள் ஓடுகின்றன. முடிவில் 2,300 டாலர் வருகிறது. 'சரி விடு' என்று மறுபடி ஒரு தட்டு. பத்தாயிரம் டாலரை இப்படி டீக்காசு மாதிரி விடுகிற ஆளைப் பார்த்தால் நமக்குத் தோன்ற வேண்டிய முதல் கேள்வி, 'எப்படி ஜெயிக்கிறான்' என்பதல்ல. 'இது யார் காசு' என்பதுதான்.

ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். ஸ்பான்சர் ஆட்டத்தின் அடிப்படை அதுதான். சில ஒப்பந்தங்களில் கேசினோ தளம் ஸ்ட்ரீமரின் கணக்கில் ஆடுவதற்கென்றே ஒரு தொகையைப் போட்டுவிடும். தீர்ந்தால் மறுபடி நிரப்பும். ஜெயித்தால் அதை வெளியே எடுக்க முடியுமா, எவ்வளவு எடுக்கலாம் என்பதெல்லாம் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. இன்னொரு வகை ஒப்பந்தத்தில் கணக்கில் இருப்பது அவருடைய சொந்தக் காசாகவே இருக்கும், எடுக்கவும் முடியும். ஆனால் ஆடுவதற்காகவே தனியாகச் சம்பளம் வரும். ட்ரெயின்ரெக்ஸ் என்ற பெயரில் ஸ்ட்ரீம் செய்யும் டைலர் நிக்னாம், ஸ்டேக் தளத்துக்காக ஆடியதற்குத் தனக்கு 16 மாதங்களில் 36 கோடி டாலர் வந்தது என்று 2022 அக்டோபரில் அவரே சொன்னார். மாதத்துக்கு இரண்டே கால் கோடி டாலர். அந்த வருமானம் உள்ளவருக்கு ஒரு ராத்திரியில் பத்து லட்சம் டாலர் போனால் அது தொழில் செலவு.

முதல் வகை ஒப்பந்தத்தில் இன்னொரு கூத்தும் உண்டு. தளம் கொடுத்த காசை அதே தளத்தில் வைத்து ஸ்ட்ரீமர் தோற்றால், அந்தக் காசு எங்கே போகிறது? தளத்துக்கே திரும்பிப் போகிறது. வலது பையிலிருந்து இடது பைக்கு மாறியதைத்தான் நாம் 'ஐயோ, இரண்டு லட்சம் டாலர் போச்சே' என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறோம். தளத்துக்கு நிஜமாக ஆகிற செலவு, விளையாட்டைச் செய்த நிறுவனத்துக்குத் தர வேண்டிய பங்கும், ஸ்ட்ரீமர் வெளியே எடுக்கிற தொகையும், அவருடைய சம்பளமும்தான். தோல்வியைக்கூட தாராளமாகக் காட்ட முடிவது இதனால்தான். 'பாருங்க, தோற்பதையும் மறைக்காமல் காட்டுறார், நேர்மையான ஆளு' என்ற நல்ல பெயர் வேறு இலவசமாகக் கிடைத்துவிடும்.

சரி, காசு யாருடையதாகவும் இருக்கட்டும். ஜெயிப்பது நிஜம்தானே, எனக்கும் அது வரலாம் அல்லவா? இந்தக் கேள்விக்குத்தான் ஒரு கணக்குப் போட வேண்டியிருக்கிறது. பயப்படாதீர்கள், எளிய கணக்கு.

ஸ்லாட் விளையாட்டுகளில் ஆர்.டி.பி. என்று ஒன்று சொல்வார்கள். ஆடுகிற எல்லோரும் வைக்கிற மொத்தப் பந்தயத்தில் எவ்வளவு திரும்பி வரும் என்ற சராசரி அது. 96 சதவீதம் என்பது சாதாரணமாகப் புழங்கும் அளவு. 'நூறு ரூபாய்க்கு நாலு ரூபாய்தானே போகும், பரவாயில்லையே' என்று தோன்றும். அந்த 96 எப்படிப் பிரிந்து வருகிறது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

கணக்கு புரிவதற்காக நானே ஒரு விளையாட்டை அமைத்துக்கொள்கிறேன். இதில் சாதாரணச் சுற்றுகள் சராசரியாக 66 சதவீதத்தைத் திருப்பித் தரும். மீதி 30 சதவீதம் போனஸில் இருக்கிறது. போனஸ் 400 சுற்றுக்கு ஒரு தடவை வரும். பத்து போனஸில் ஒன்பது சப்பை, பந்தயத்தைப்போல் 22 மடங்குதான் தரும். பத்தில் ஒன்று பெரியது, 1000 மடங்கு. அதாவது அந்த 1000 மடங்கு 4000 சுற்றுக்கு ஒரு தடவை. மொத்தத்தில் 96 சதவீதம் சரியாக வந்துவிடுகிறது. நிஜ விளையாட்டுகளின் எண்கள் இதிலிருந்து வேறுபடும், ஆனால் ஸ்ட்ரீமர்கள் விரும்பி ஆடுகிற 'ஹை வாலட்டிலிட்டி' ஸ்லாட்டுகளின் அமைப்பு இதே மாதிரிதான். பெரும்பகுதி நேரம் காசு கரைந்துகொண்டே இருக்கும், எப்போதாவது ஒரு தடவை கொட்டும்.

இப்போது நம் ஸ்ட்ரீமர் இதை ஆடுகிறார். நிமிடத்துக்குப் பத்துச் சுற்று, ஒரு மணி நேரத்தில் 600. தினம் ஐந்து மணி நேரம், மாதம் 20 நாள். மொத்தம் 60,000 சுற்றுகள். ஒரு சுற்றுக்கு 100 டாலர் என்றால், மாதத்தில் அவர் வைத்த மொத்தப் பந்தயம் 60 லட்சம் டாலர். அதில் 4 சதவீதம், 2,40,000 டாலர், சராசரியாக நஷ்டம். ஆனால் அதே மாதத்தில் அவருக்கு எத்தனை 1000 மடங்கு வரும்? 4000-க்கு ஒன்று வீதம் சராசரியாகப் பதினைந்து. ஒவ்வொன்றும் ஒரு லட்சம் டாலர்.

ஆக, இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் டாலர் நஷ்டப்பட்ட ஒரு மனிதரிடம், லட்சம் டாலர் ஜெயிக்கிற க்ளிப் பதினைந்து இருக்கிறது. இரண்டு நாளைக்கு ஒன்று வீதம் ஷார்ட்ஸில் போட்டாலும் மாதம் முழுக்க வரும். அத்தனையும் நிஜம், ஒரு ஃபிரேமில்கூடப் பொய் இல்லை. நடுவே ஓடிய அறுபதாயிரம் சுற்றை யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. லைவையே பார்ப்பவர்கள்கூட ஒரு அரை மணி நேரம் எட்டிப்பார்த்துவிட்டுப் போகிறவர்கள்தான்.

அடுத்தது பார்வையாளர். க்ளிப்பைப் பார்த்துவிட்டு அதே விளையாட்டில் ஆயிரம் ரூபாய் போடுகிறார். சுற்றுக்குப் பத்து ரூபாய் வைக்கிறார். கையில் இருப்பது நூறு சுற்றுக்கான காசு. சின்னச் சின்னதாகத் திரும்பி வருவதையெல்லாம் சேர்த்து மறுபடி ஆடினால், போனஸே வராவிட்டாலும் கிட்டத்தட்ட 300 சுற்று ஓடும். அரை மணி நேரம். போனஸ் 400-க்கு ஒன்று என்பதால், ஏறக்குறைய பாதிப் பேர் ஒரு போனஸைக்கூடப் பார்க்காமலேயே வெளியே வந்துவிடுவார்கள். போனஸ் வந்தவர்களிலும் பெரும்பாலோருக்குக் கிடைப்பது சப்பைதான். அதையும் போட்டு ஆடித் தீர்ப்பார்கள். 1000 மடங்கைப் பார்க்கிறவர்கள் நூற்றுக்கு ஏறக்குறைய எட்டுப் பேர். மீதித் தொண்ணூற்றிரண்டு பேருக்கு ஆயிரம் ரூபாயும் போயே போச்சு.

இங்கே கவனிக்க வேண்டியது, இரண்டு பேரும் ஆடியது ஒரே விளையாட்டு. ஒரே 96 சதவீதம். ஸ்ட்ரீமருக்குச் சாதகமாக யாரும் எதையும் திருகவில்லை. அவர் தீராத பணப்பையோடு ஆடுகிறார், அதனால் அரிதானது அவருக்கு அடிக்கடி நடக்கிறது. நம்மாள் நூறு சுற்றுக்கான காசோடு ஆடுகிறார், அரிதானது வரும்வரை அவரால் தாக்குப்பிடிக்க முடிவதில்லை. அந்த எட்டுப் பேரும் பத்தாயிரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டால் லாபம்தான். அங்கேயே உட்கார்ந்து ஆடினால் அதே 4 சதவீதம் ஒவ்வொரு பந்தயத்திலும் அறுத்துக்கொண்டே இருக்கும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மாதத்துக்குப் பதினைந்து என்பது சராசரிதான். ஒரு மாதம் பதினொன்று வரும், இன்னொரு மாதம் பத்தொன்பது வரும். பத்தொன்பது வந்த மாதம் ஸ்ட்ரீமர் நிஜமாகவே லாபத்தில் இருப்பார். இதே விளையாட்டை நூறு பேர் ஸ்ட்ரீம் செய்தால், தொடக்கத்தில் அதிர்ஷ்டம் அடித்த சிலருடைய க்ளிப்தான் பரவும், அவர்களுக்குத்தான் சந்தாதாரர் கூடுவார்கள், அடுத்த ஸ்பான்சரும் அவர்களைத்தான் தேடி வருவார். தோற்றவர்கள் சேனலை மூடிவிட்டுப் போயிருப்பார்கள். ஆக, நம் கண்ணில் படுகிற ஆளே ஏற்கெனவே சலித்து எடுக்கப்பட்ட ஆள்.

இனி அந்த ரெஃபரல் கோடு. பலர் இதை வெறும் 'முதல் டெபாசிட்டுக்குக் கொஞ்சம் போனஸ்' என்று நினைக்கிறார்கள். கோடு வழியாகச் சேர்ந்தவர்களால் ஸ்ட்ரீமருக்கு வருமானம் வருவது பெரும்பாலும் இரண்டு விதம். ஒன்று, காசு போட்ட ஒவ்வொரு புதிய ஆளுக்கும் தலைக்கு இவ்வளவு. இன்னொன்று வருமானப் பங்கு: அந்த ஆள் தளத்தில் தோற்கிற தொகையில் ஒரு சதவீதம். முப்பது சதவீதம் என்று வையுங்கள். மேலே சொன்ன மாதிரி ஆயிரம் பேர் சேர்ந்து, மொத்தமாகப் பத்து லட்சம் ரூபாய் போட்டு, நாளடைவில் எல்லாவற்றையும் தோற்றால், மூன்று லட்சம் கோடு கொடுத்தவருக்கு. அதாவது, 'நாம எல்லாரும் சேர்ந்து கேசினோவை அடிக்கிறோம்' என்று கத்துகிறவர், நிஜத்தில் கேசினோ பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் ஜெயித்தால் அவருடைய பங்கு குறையும். ட்விட்ச் 2021 ஆகஸ்டில் ஸ்லாட், ரூலெட், டைஸ் தளங்களின் லிங்க்குகளுக்கும் ரெஃபரல் கோடுகளுக்கும் முதலில் தடை போட்டது இந்த இடத்தில் கைவைக்கத்தான்.

இதுவரை சொன்னதெல்லாம் யாரும் பொய்யே சொல்லாத நிலவரம். பொய்யும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய கதை ஒன்று இருக்கிறது. 2016-இல் கவுன்டர் ஸ்ட்ரைக் விளையாட்டின் துப்பாக்கி ஸ்கின்களை வைத்துச் சூதாடும் தளங்கள் பெருகின. அதில் ஒன்று சிஎஸ்கோ லாட்டோ. ட்ரெவர் மார்ட்டின், தாமஸ் கேசல் என்ற இரண்டு யூடியூபர்கள் அதில் தாங்கள் ஜெயிப்பதை வீடியோவாகப் போட்டார்கள். '5 நிமிடத்தில் 13,000 டாலர் ஜெயிப்பது எப்படி' என்கிற ரகத் தலைப்பு. புதிதாக ஒரு தளத்தைக் கண்டுபிடித்த மாதிரி மார்ட்டின் பேசினார். பிறகுதான் தெரிந்தது, அந்தத் தளமே இவர்களுடையது. மற்ற இன்ஃப்ளூயன்சர்களுக்கு 2,500 முதல் 55,000 டாலர் வரை கொடுத்து ஆட வைத்திருந்தார்கள். தளத்தின் பெயர் கெடும்படி எதுவும் பேசக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தார்கள். அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் 2017 செப்டம்பரில் இதை விசாரித்து முடித்தது. தனிப்பட்ட இன்ஃப்ளூயன்சர்கள்மீது அது கொண்டுவந்த முதல் புகார் அது. அபராதம் எதுவும் இல்லை. 'இனிமேல் உறவைத் தெளிவாகச் சொல்லுங்கள்' என்று உத்தரவிட்டதோடு சரி.

அதே 2016-இல் இன்னொரு தளம், சிஎஸ்கோ டயமண்ட்ஸ். தன்னிடம் ஸ்பான்சர் வாங்கி ஆடிய ஸ்ட்ரீமருக்கு அடுத்து விழப்போகிற எண்களைச் சிலசமயம் முன்கூட்டியே சொல்லியதாக அந்தத் தளமே ஒப்புக்கொண்டது. பார்ப்பதற்குச் சுவாரசியமாக இருக்கட்டும் என்பதற்காகவாம். அந்தத் தளத்தில் குலுக்கல் முடிவு நியாயமானதா என்று கணித ரீதியாகச் சரிபார்க்கும் வசதி இருந்தது. இதில் ஒரு பாடம் இருக்கிறது. 'ப்ரூவப்லி ஃபேர்' என்று தளங்கள் பெருமையாகப் போட்டுக்கொள்ளும் முத்திரை, முடிவு பிறகு மாற்றப்படவில்லை என்பதை மட்டும்தான் காட்டும். முடிவு முன்பே யாருக்குத் தெரியும், கணக்கில் இருப்பது யார் காசு என்பதையெல்லாம் அது சொல்லாது. நாலு சதவீத வெட்டையும் அது குறைக்காது.

2022 செப்டம்பரில் ட்விட்ச்சில் விஷயம் வெடித்தது. ஸ்லைக்கர் என்ற ஸ்ட்ரீமர், சூதாட்டப் பழக்கத்தால் சக ஸ்ட்ரீமர்களிடமும் தன் ரசிகர்களிடமும் வேறு வேறு காரணம் சொல்லிப் பெரும் தொகையைக் கடன் வாங்கியதை லைவிலேயே ஒப்புக்கொண்டார். போக்கிமேன் உள்ளிட்ட பெரிய ஸ்ட்ரீமர்கள் வேலைநிறுத்தம் செய்வோம் என்கிற அளவுக்குப் போனார்கள். சில நாட்களில் ட்விட்ச், உரிய உரிமம் இல்லாத ஸ்லாட், ரூலெட், டைஸ் தளங்களை அக்டோபர் 18 முதல் ஸ்ட்ரீம் செய்யக்கூடாது என்று அறிவித்தது. ஸ்டேக், ரோல்பிட், டூயல்பிட்ஸ், ரூபெட் என்று பெயர் சொல்லியே தடுத்தது. ஓரிரு மாதத்தில், டிசம்பரில், கிக் என்ற புதிய தளம் வந்துவிட்டது. அதன் பின்னால் இருந்தவர்கள் ஸ்டேக்கின் நிறுவனர்களான எட் கிரேவன், பிஜான் டெஹ்ரானி. கேசினோவை ஒளிபரப்ப மேடை இல்லையென்றதும் கேசினோக்காரர்களே மேடை கட்டிக்கொண்டார்கள். யூடியூப் 2025 மார்ச்சில், கூகுளின் அனுமதி பெறாத சூதாட்டத் தளங்களின் லிங்க்கை மட்டுமல்ல, பெயரைச் சொல்வதையும் லோகோவைக் காட்டுவதையும்கூடத் தடுத்தது.

நம் ஊர் விஷயத்துக்கு வந்தால், 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் சட்டம் காசு வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்தது. அவற்றை விளம்பரம் செய்வதற்கு இரண்டு ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்றும் வைத்திருக்கிறது. சட்டம் இருந்தாலும் வெளிநாட்டுத் தளமும் வெளிநாட்டு ஸ்ட்ரீமும் ஃபோனில் வந்து நிற்கும். அதனால் பார்க்கிற கண்ணுக்குக் கொஞ்சம் பழக்கம் வேண்டும்.

ஒரு ஸ்ட்ரீமைப் பார்க்கும்போது நான் கவனிக்கிற விஷயங்கள் இவை. பேலன்ஸ் பூஜ்யத்துக்கு வந்த பிறகு என்ன நடக்கிறது? கேமரா கொஞ்சம் அணைந்து, திரும்ப வரும்போது வட்டத் தொகையாக ஐம்பதாயிரமோ ஒரு லட்சமோ நிற்கிறதா? டெபாசிட் செய்த பக்கத்தை அவர் காட்டுகிறாரா? ஜெயிப்பைக் காசில் சொல்கிறாரா, 'ஆயிரம் மடங்கு' என்று மடங்கில் மட்டும் சொல்கிறாரா? மடங்கில் சொல்லும்போது அது கிடைக்கும்வரை எத்தனை மடங்கு கரைந்தது என்பது மறைந்துவிடும். ஸ்பான்சர் என்ற அறிவிப்பு இருந்தால், எந்த வகை ஒப்பந்தம் என்று எங்காவது சொல்லியிருக்கிறாரா? பெரும்பாலும் அந்த டெபாசிட் பக்கத்தைப் பற்றிய கேள்வியிலேயே விஷயம் தெரிந்துவிடும்.

எல்லாவற்றையும்விட ஒரே ஒரு எண் போதும். இந்தக் கணக்கு தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை மொத்தம் உள்ளே போட்டது எவ்வளவு, மொத்தம் வெளியே எடுத்தது எவ்வளவு. பெரும்பாலான தளங்களில் டெபாசிட், வித்ட்ராயல் வரலாறு என்று ஒரு பக்கம் இருக்கும். அதைத் திறந்து காட்ட ஒரு நிமிடம் ஆகாது. லட்சம் டாலர் ஜெயித்ததைப் பத்துத் தடவை ஸ்லோ மோஷனில் காட்டுகிறவர் இந்தப் பக்கத்தைக் காட்டமாட்டார்.

அந்தப் பையனுக்கும் இதைத்தான் சொன்னேன். 'ஃபேக்கா இல்லையா' என்று நீ கண்டுபிடிக்கவே வேண்டாம். எல்லாம் நிஜம் என்றே வைத்துக்கொள். நூறு ரூபாயில் நாலு ரூபாய் வெட்டு அவனுக்கும் உண்டு, உனக்கும் உண்டு. அவன் வெட்டை அவனுக்குச் சம்பளம் தருகிறவன் கட்டுகிறான். உன் வெட்டை நீதான் கட்ட வேண்டும், அதிலிருந்துதான் அவன் சம்பளமும் போகிறது.